பாலிசிப் பணத்துக்கு வரி உண்டா?

ஜூலை மாதம் வந்தால் என் மேஜைக்கு வரும் கேள்விகளில் பாதி ஒரே மாதிரி இருக்கும். "இன்சூரன்ஸ் பணம் வந்திருக்கு, அதுக்கு வரி கிடையாதே சார்?" கேட்பவர் முகத்தில் சந்தேகமே இருக்காது. நான் தலையாட்டினால் போதும் என்று உட்கார்ந்திருப்பார். பெரும்பாலும் தலையாட்டவும் செய்வேன். ஆனால் அதற்கு முன்னால் பாலிசிப் பத்திரத்தைக் கொண்டுவரச் சொல்வேன். "அது எதுக்கு சார், டாக்ஸ் ஃப்ரீன்னு ஏஜென்ட் சொன்னாரே" என்பார்கள். பத்திரத்தில் இரண்டு எண்களையும் ஒரு தேதியையும் பார்க்காமல் பதில் சொல்ல முடியாது. அந்த மூன்றும் என்ன, ஏன் என்பதைத்தான் இங்கே எழுதப் போகிறேன். சொல்வதெல்லாம் இந்திய வருமான வரிச் சட்டத்தை வைத்து.

முதலில் ஒரு விஷயத்தைப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஆயுள் காப்பீட்டில் வரிச் சலுகை இரண்டு இடத்தில் வருகிறது. பிரீமியம் கட்டும்போது 80சி பிரிவில் கழிவு கிடைக்கும். அது பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும். பணம் கைக்கு வரும்போது கிடைக்கும் விலக்கு வேறு. அது 10(10டி) பிரிவு. புதிய வரி முறைக்குப் போனவர்களுக்கும் இந்த இரண்டாவது விலக்கு அப்படியே உண்டு. "புது ரெஜிம்ல எந்தச் சலுகையும் இல்லையே, அப்போ மெச்சூரிட்டிக்கும் வரியா?" என்று பயந்துபோய் வருபவர்களை அடிக்கடி பார்க்கிறேன். அந்தப் பயம் வேண்டாம். 2026 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வரும் 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் எல்லாம் மாறி, இந்த விலக்கு இரண்டாம் அட்டவணைக்குள் போயிருக்கிறது. விஷயம் அதேதான். ஊரில் இன்னும் கொஞ்ச காலத்துக்கு எல்லோரும் 10(10டி) என்றுதான் சொல்வார்கள் என்பதால் நானும் அப்படியே எழுதுகிறேன்.

சட்டம் இறப்புக்கு வரும் பணத்தையும் முதிர்வுக்கு வரும் பணத்தையும் ஒரே பிரிவில் வைத்திருக்கிறது. ஆனால் இரண்டுக்கும் விலக்கு தருவதற்கான காரணம் ஒன்றல்ல. இது புரிந்துவிட்டால் மற்ற நிபந்தனைகளை மனப்பாடம் செய்யவே தேவையில்லை, தானாக வந்து உட்கார்ந்துவிடும்.

நாற்பது வயதில் ஒருவர் இறந்து, மனைவிக்கு 50 லட்சம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அது லாபமா? அந்த வீட்டுக்கு அடுத்த இருபது வருடம் வரவேண்டிய சம்பளம் நின்றுபோனதற்கு ஈடு, அவ்வளவுதான். ஒரு மூலத்திலிருந்து திரும்பத் திரும்ப வருவதைத்தான் வரிச் சட்டம் இயல்பாக வருமானம் என்று பார்க்கும். ஒரே ஒரு தடவை, ஓர் இழப்புக்கு ஈடாக வருவது மூலதன வரவு. சரி, ஒரு கெட்டிக்காரர் இங்கே மடக்கலாம்: "அந்த மனுஷன் உயிரோடிருந்து சம்பாதிச்சிருந்தா வரி கட்டியிருப்பாரே, அதுக்குப் பதிலா வர்ற பணத்துக்கு மட்டும் ஏன் இல்லை?" நியாயமான கேள்வி. எனக்குத் திருப்தி தரும் பதில் இது. காலத்துக்குள் இறந்தால் மட்டும் பணம் தரும் டேர்ம் பாலிசி எடுத்த ஆயிரம் பேரில் சிலர்தான் அப்படி இறக்கிறார்கள். மற்றவர்கள் கட்டிய பிரீமியம்தான் அந்தச் சில குடும்பங்களுக்குப் போகிறது. உயிரோடு இருப்பவர்கள் "என் பிரீமியம் வீணாப்போச்சு, அதை நஷ்டமாக் காட்டுறேன்" என்று வரியில் கழித்துக்கொள்ள முடியாது. அப்படியிருக்க, இழந்த குடும்பத்திடம் மட்டும் வரி கேட்டால் கணக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். இன்னொன்றும் உண்டு. இந்தியாவில் ஒருவர் இறந்தபின் விட்டுச்சென்ற சொத்துக்கு வரி போட்ட எஸ்டேட் டூட்டி 1985இல் எடுக்கப்பட்டுவிட்டது. ஆகவே அந்த வழியாகவும் வரி வராது.

முதிர்வுத் தொகையின் கதை வேறு. பத்து வருடம் பணம் கட்டினேன், கட்டியது 5 லட்சம், வந்தது 8 லட்சம் என்றால், நடுவில் உள்ள 3 லட்சம் உண்மையிலேயே வருமானம்தான். பேங்கில் போட்டிருந்தால் அதை வட்டி என்று சொல்லியிருப்போம், வரியும் கட்டியிருப்போம். இங்கே விலக்கு தருவது அரசாங்கம் யோசித்து எடுத்த முடிவு. மக்கள் நீண்ட காலத்துக்குப் பணத்தைக் கட்டிப்போட வேண்டும், கூடவே உயிருக்கும் ஒரு காப்பு இருக்க வேண்டும் என்பது வெளியே சொல்லும் காரணம். ஆயுள் காப்பீட்டு நிறுவனங்கள் தங்கள் ஆயுள் நிதியில் பாதிக்குக் குறையாமல் அரசுப் பத்திரங்களிலும் அவை போன்ற அங்கீகரிக்கப்பட்ட பத்திரங்களிலும் போட வேண்டும் என்று விதி இருக்கிறது. ஆகவே அந்தச் சேமிப்பில் பெரும்பங்கு சுற்றி அரசாங்கத்துக்கே கடனாகப் போகிறது என்பதையும் மறந்துவிட வேண்டாம்.

ஆக, இறப்புப் பணத்துக்கு விலக்கு அதன் இயல்பால் வருகிறது. முதிர்வுப் பணத்துக்கு விலக்கு சலுகையாக வருகிறது. சலுகை என்றால் நிபந்தனை இருக்கும், யாராவது அதை வளைக்கவும் பார்ப்பார்கள், அரசு திரும்ப இறுக்கவும் செய்யும். கடந்த இருபது வருடங்களாக நடப்பது இதுதான்.

2003 மார்ச் 31 வரை வாங்கிய பாலிசிகளுக்குப் பிரீமியத்தை வைத்து எந்த வரம்பும் கிடையாது. உங்கள் அப்பா எடுத்த எண்டோமென்ட் பாலிசி, மணிபேக் பாலிசி எல்லாம் இந்த ரகம். "எல்.ஐ.சி. பணத்துக்கு வரியே இல்லை" என்று நம் வீடுகளில் ஊறிப்போன நம்பிக்கை அங்கிருந்து வந்ததுதான். அந்தக் காலத்துக்கு அது சரியும்கூட. பிறகு என்ன ஆனது என்றால், காப்பு கொஞ்சம், முதலீடு நிறைய என்று பாலிசிகள் வரத் தொடங்கின. 5 லட்சம் கட்டினால் 6 லட்சத்துக்குக் காப்பு. அது பெயருக்குத்தான் இன்சூரன்ஸ், உள்ளே இருப்பது வைப்புத்தொகை. அதனால் 2003 ஏப்ரல் 1 முதல் வாங்கும் பாலிசிகளுக்கு ஒரு சோதனை வைத்தார்கள்: எந்த ஒரு வருடத்திலும் கட்டவேண்டிய பிரீமியம் காப்புத் தொகையில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 2012 ஏப்ரல் 1 முதல் வாங்கியவற்றுக்கு இது 10 சதவீதமாக இறங்கியது. மாற்றுத்திறனாளிகளுக்கும், சட்டம் குறிப்பிடும் சில கடுமையான நோய்கள் உள்ளவர்களுக்கும் 2013 ஏப்ரல் 1 முதல் எடுத்த பாலிசிகளில் 15 சதவீதம் வரை விட்டிருக்கிறார்கள்.

வேறு விதமாகச் சொன்னால், இன்று வாங்கும் பாலிசியில் காப்புத் தொகை ஆண்டுப் பிரீமியத்தைப் போலக் குறைந்தது பத்து மடங்கு இருக்க வேண்டும். நான் பத்திரத்தில் தேடும் இரண்டு எண்கள் இவைதான்: பிரீமியம், காப்புத் தொகை. தேதி என்றது பாலிசி வழங்கப்பட்ட தேதி. மூன்றும் பத்திரத்தின் முதல் சில பக்கங்களிலேயே இருக்கும்.

இதில் ஒரு நுணுக்கம். காப்புத் தொகை என்று சட்டம் சொல்வது, காப்பீடு செய்த சம்பவம் நடந்தால் பாலிசி காலத்தில் எப்போதும் உறுதியாகக் கிடைக்கும் குறைந்தபட்சத் தொகையை. போனஸையும், பிரீமியத்தைத் திருப்பித் தருவதாகச் சொல்லும் தொகையையும் இதில் சேர்க்கக் கூடாது. சில திட்டங்களில் முதல் சில வருடம் காப்பு அதிகமாக இருந்து பிறகு குறையும். அப்போது குறைந்த வருடத்தின் எண்ணைத்தான் பார்க்க வேண்டும். விளம்பரத் தாளில் கொட்டை எழுத்தில் போட்ட தொகை இதுவாக இருக்கவேண்டிய கட்டாயம் இல்லை.

இப்போது ஒரு கணக்கு. இது ஒரு குறிப்பிட்ட ஆளின் கதையல்ல, இந்த மாதிரி வந்த பலரின் எண்களைச் சுலபமாக்கி எழுதுகிறேன். ஒருவர் 2014 அக்டோபரில் ஒற்றைப் பிரீமியப் பாலிசி எடுத்தார். ஒரே தடவையாக 5 லட்சம் கட்டினார். காப்புத் தொகை பிரீமியத்தைப் போல 1.25 மடங்கு, அதாவது 6.25 லட்சம். பத்து வருடம் கழித்து, 2024 அக்டோபரில் அவருக்கு 10 லட்சம் வந்தது.

பிரீமியம் காப்புத் தொகையில் எத்தனை சதவீதம்? 80. பத்தைத் தாண்டி எங்கேயோ போய்விட்டது. ஆகவே முதிர்வுத் தொகைக்கு விலக்கு இல்லை. ஏஜென்ட் மேல் கோபப்பட்டுப் பயனில்லை, பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட நாளிலேயே இது முடிவாகிவிட்டது.

விலக்கு இல்லை என்பதால் நிறுவனம் 194டிஏ பிரிவின்படி டிடிஎஸ், அதாவது பணம் தரும்போதே வரியில் ஒரு பகுதியைப் பிடிக்கும். வந்த 10 லட்சத்தில் கட்டிய 5 லட்சத்தைக் கழித்து, மீதி 5 லட்சத்துக்கு 2 சதவீதம், ஆக 10,000 ரூபாய். 2024 அக்டோபர் 1க்கு முன் பணம் வந்திருந்தால் விகிதம் 5 சதவீதம். பான் எண்ணைக் கொடுக்காதவர்களுக்கு 20 சதவீதம், அதாவது 1 லட்சம் போயிருக்கும். ஒரு நிதியாண்டில் இப்படி வரும் மொத்தத் தொகை 1 லட்சத்துக்குக் குறைவாக இருந்தால் டிடிஎஸ் கிடையாது. ஆனால் டிடிஎஸ் இல்லை என்றால் வரி இல்லை என்று அர்த்தம் இல்லை.

இங்கேதான் பெரும்பாலோர் நிறுத்திவிடுகிறார்கள். "பத்தாயிரம் பிடிச்சுட்டாங்க சார், முடிஞ்சுது." முடியவில்லை. டிடிஎஸ் ஒரு முன்பணம்தான். மீதியைத் தன் வரி விகிதப்படி அவரே கணக்குக்குள் கொண்டுவர வேண்டும். அந்தக் கணக்கும் நிறுவனம் போட்ட கணக்கும் ஒன்றாக இருக்காது.

காரணம், 2023ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் கொண்டுவந்த விதி. விலக்கு இல்லாத பாலிசியிலிருந்து வந்த தொகையில் பிரீமியத்தைக் கழித்துக்கொள்ளலாம், ஆனால் வரிக் கழிவாக ஏற்கெனவே காட்டிய பிரீமியத்தைக் கழிக்கக் கூடாது. ஒரே பணத்துக்கு இரண்டு சலுகை கிடையாது. நம் ஆள் 2014இல் 80சியில் என்ன காட்டினார்? அங்கும் அதே 10 சதவீத வரம்பு உண்டு, ஆகவே 6.25 லட்சத்தில் பத்து சதவீதம், 62,500 ரூபாய் காட்டினார். (ஐந்து லட்சம் கட்டினோமே என்று 80சியின் முழு வரம்பையும் காட்டியவர்கள் நிறையப் பேர். அது வேறு தலைவலி.) எனவே கழிக்கக் கூடிய பிரீமியம் 4,37,500. வரிக்கு உட்படும் வருமானம் 5,62,500. இது 'இதர வருமானம்' என்ற தலைப்பில் வரும்.

அவர் சம்பளமே ஏற்கெனவே 30 சதவீதப் படிக்குள் போய்விட்டது என்றால், வரி 1,68,750. அதற்கு 4 சதவீத செஸ் 6,750. மொத்தம் 1,75,500. டிடிஎஸ் போக 1,65,500 தன் பையிலிருந்து கட்ட வேண்டும். ரிட்டர்ன் போடும் நாள்வரை காத்திருந்தால் முன்கூட்டி வரி கட்டாததற்கு வட்டியும் சேரும். 5 லட்சம் பத்து வருடத்தில் 10 லட்சமானது வருடத்துக்கு ஏறக்குறைய 7.2 சதவீத வளர்ச்சி. வரி போக 8,24,500 கையில் நிற்கிறது என்றால் அது 5.1 சதவீதத்துக்கு இறங்கிவிடும். 2014இல் அவருக்குச் சொல்லப்பட்டது முதல் எண் மட்டும்தான்.

இதே ஆள் 5 லட்சத்தை ஒரே தடவையாகக் கட்டாமல், 5 லட்சம் காப்புத் தொகையுள்ள பாலிசியில் வருடம் 50,000 வீதம் பத்து வருடம் கட்டியிருந்தால்? பிரீமியம் சரியாக 10 சதவீதம், தாண்டவில்லை. முழு விலக்கு. ஒற்றைப் பிரீமியத்திலேயேகூட பல திட்டங்களில் 1.25 மடங்கு, 10 மடங்கு என்று இரண்டு தேர்வு இருக்கும். பத்து மடங்கை எடுத்தால் முதிர்வுத் தொகை குறையும், ஏனென்றால் உயிர்க்காப்புக்கான செலவு அதிகம். வயது ஏற ஏற இந்தச் செலவு நன்றாகவே கடிக்கும். அறுபதை நெருங்குபவர்களுக்கு எது லாபம் என்று வரியையும் சேர்த்துக் கணக்குப் போட்டுத்தான் சொல்ல முடியும். வேறு வருமானமே பெரிதாக இல்லாத பெரியவர் என்றால் 1.25 மடங்கை எடுத்துவிட்டு, முதிர்வின்போது கொஞ்சம் வரி கட்டினாலும் நஷ்டமில்லை என்பது என் கருத்து. மொத்த வரியே வராது என்ற நிலையில் இருப்பவர் அதற்கான சுய அறிவிப்புப் படிவம் கொடுத்து டிடிஎஸ்ஸையும் தவிர்க்கலாம்.

இன்னொரு பக்கம் பாருங்கள். இதே 1.25 மடங்குப் பாலிசிக்காரர் 2020இல் இறந்திருந்தால், நாமினிக்குப் போன தொகைக்கு ஒரு ரூபாய் வரி கிடையாது. 80 சதவீதமாக இருந்தாலும் சரி. 20, 10 சதவீத வரம்புகளைச் சொன்ன கையோடு, இறப்பின்போது வரும் தொகைக்கு இவை பொருந்தாது என்று சட்டமே எழுதிவிட்டது. மேலே சொன்ன இரண்டு காரணங்கள் இங்கே வெளிப்படையாகத் தெரிகின்றன. சலுகையைத்தான் இறுக்கினார்கள், ஈட்டில் கை வைக்கவில்லை.

பிறகு பணக்காரர்கள் பக்கம் வந்தார்கள். பத்து மடங்கு காப்பு வைத்தாலும் வருடம் 20 லட்சம், 30 லட்சம் என்று பிரீமியம் கட்டி, மொத்த வளர்ச்சியையும் வரியில்லாமல் எடுப்பவர்கள் இருந்தார்கள். 2021 பிப்ரவரி 1 முதல் வாங்கும் யூலிப்களுக்கு, அதாவது சந்தையோடு இணைந்த முதலீட்டுப் பாலிசிகளுக்கு, ஆண்டுப் பிரீமியம் 2.5 லட்சத்தைத் தாண்டினால் விலக்கு இல்லை. 2023 ஏப்ரல் 1 முதல் வாங்கும் மற்ற பாலிசிகளுக்கு இந்த வரம்பு 5 லட்சம். ஒரு பாலிசிக்கு இவ்வளவு என்று எண்ணிவிடக் கூடாது, அந்தத் தேதிக்குப் பின் எடுத்த எல்லாப் பாலிசிகளையும் கூட்டிப் பார்ப்பார்கள். 4 லட்சத்தில் ஒன்று, 3 லட்சத்தில் ஒன்று வைத்திருப்பவருக்கு இரண்டும் சேர்ந்தால் 7 லட்சம். வரம்புக்குள் அடங்கும் ஒன்றை அவர் தேர்ந்துகொள்ளலாம், 4 லட்சத்தைத் தேர்ந்தால் அதற்கு விலக்கு, மற்றதற்கு இல்லை. இறந்தால் மட்டுமே பணம் தரும் டேர்ம் பாலிசியின் பிரீமியம் இந்தக் கூட்டலில் வராது. இங்கும் இறப்புத் தொகைக்கு விலக்கு தொடர்கிறது. மாதச் சம்பளக்காரர்களில் பெரும்பாலோருக்கு இந்த வரம்பு எட்டாத உயரம், ஆகவே இதை நீட்ட வேண்டியதில்லை.

இறப்புப் பணத்துக்கும் வரி வரும் ஒரு விதிவிலக்கு உண்டு, தொழில் நடத்துபவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது. கீமேன் பாலிசி. கம்பெனிக்கு முக்கியமான ஒரு ஆளின் உயிர் மேல் கம்பெனியே எடுக்கும் பாலிசி. பிரீமியத்தைத் தொழில் செலவாக எழுதிக் கழித்திருப்பார்கள், அதனால் வரும் பணமும் தொழில் வரவு, இறப்பால் வந்தாலும் வரி உண்டு. முன்பு சிலர் கடைசி வருடத்தில் பாலிசியை அந்த ஆளின் பெயருக்கே மாற்றிக் கொடுத்து, சாதாரணப் பாலிசி ஆகிவிட்டது என்று விலக்குக் கேட்டார்கள். 2013இல் அந்த வழியை அடைத்தார்கள். பெயர் மாற்றினாலும் அது கீமேன் பாலிசியாகவே நிற்கும்.

பாதியில் சரண்டர் செய்தால்? 10(10டி) 'பாலிசியின் கீழ் வரும் எந்தத் தொகையும்' என்று பேசுகிறது. ஆகவே முதிர்வுக்கு விலக்குள்ள பாலிசி என்றால் சரண்டர் தொகைக்கும் விலக்கு. ஆனால் இரண்டு வருடப் பிரீமியம் கட்டுவதற்கு முன் நிறுத்தினால், யூலிப் என்றால் ஐந்து வருடத்துக்கு முன் நிறுத்தினால், முன்பு 80சியில் கழித்ததை அந்த வருட வருமானத்தில் திரும்பச் சேர்க்க வேண்டும். ஓய்வூதியப் பாலிசிகள் இந்தக் கட்டுரைக்குள் வரவே வராது. அதில் மாதாமாதம் வரும் ஆன்யூட்டி சம்பளம் போல வரிக்கு உட்பட்டது. "இதுவும் இன்சூரன்ஸ் கம்பெனிதானே தருது" என்று வாதாடிப் பயனில்லை.

விலக்குள்ள தொகையாக இருந்தாலும் ரிட்டர்னில் 'விலக்குள்ள வருமானம்' பட்டியலில் எழுதிவிடுங்கள். பேங்கில் திடீரென்று 12 லட்சம் வந்து நிற்கும்போது கேட்டால் சொல்லப் பதில் அங்கேயே இருக்கும். விலக்குள்ள பாலிசிக்கே தவறாக டிடிஎஸ் பிடித்துவிட்டார்கள் என்றால் 26ஏஎஸ் அறிக்கையில் தெரியும். ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்கலாம். பாலிசிப் பத்திரத்தை முதிர்வின்போது நிறுவனம் வாங்கிக்கொள்வது வழக்கம் என்பதால் கொடுப்பதற்கு முன் ஒரு நகல் எடுத்து வையுங்கள். நகல் இல்லாமல் வந்து, காப்புத் தொகை எவ்வளவு என்றே தெரியாமல் விழிப்பவர்கள் ஒவ்வொரு வருடமும் உண்டு.

கடைசியாக இறப்புப் பணம் வாங்கியவர்களுக்கு ஒன்று. வந்த தொகைக்குத்தான் விலக்கு. அதை டெபாசிட்டில் போட்டு வரும் வட்டிக்கு மற்ற வட்டிகளைப் போலவே வரி உண்டு. அம்மா இறந்து, பதினெட்டு வயது ஆகாத மகள் பெயரில் 30 லட்சம் வந்து, அதை அவள் பெயரிலேயே டெபாசிட் போட்டால், வட்டி அப்பாவின் வருமானத்தோடு சேரும். பையனுக்கோ பெண்ணுக்கோ பதினெட்டு நிறைந்தபின் அது அவர்கள் கணக்கு. குடும்பத்தில் யாரும் இதைச் சொல்வதில்லை, வருமான வரித் துறை மட்டும் பேங்கிலிருந்து வந்த தகவலை வைத்துக்கொண்டு நோட்டீஸ் அனுப்பும்.